நான்கு வீதிகளும் ஒரு சுற்றும்: சாலைப் போக்குவரத்துச் சமன்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பில் சாலைப் போக்குவரத்துக் கணக்கு வந்ததும் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான்: நடுவில் கோயில், சுற்றிலும் நான்கு மாட வீதிகள், நான்கும் ஒருவழிப் பாதை. வண்டிகள் பிரதட்சிணமாக, அதாவது கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற வரிசையில் போகின்றன. எண்கள் கணக்கு சுலபமாக வரட்டும் என்று நானே வைத்தவை.

1. ரோட்டில் ஓடுற வண்டி எப்படி சார் சமன்பாடு ஆகும்?

ஒரே ஒரு விதியால். ஒரு மூலைக்குள் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி நுழைகிறதோ அத்தனை வண்டி வெளியேற வேண்டும். மூலையில் வண்டி முளைப்பதில்லை, மறைவதும் இல்லை. ஒவ்வொரு மூலைக்கும் இதை எழுதினால் ஒரு சமன்பாடு கிடைக்கும்.

நம் உதாரணத்தில் கிழக்கு வீதியில் மணிக்கு x1 வண்டிகள், தெற்கில் x2, மேற்கில் x3, வடக்கில் x4. ஒவ்வொரு மூலையிலும் ஊரிலிருந்து உள்ளே வரும் சாலை ஒன்று, வெளியே போகும் சாலை ஒன்று. அந்த வெளிச் சாலைகளில் ஆள் நிறுத்தி எண்ணிவிட்டோம். வடகிழக்கு மூலையில் 450 உள்ளே வருகின்றன, 250 வெளியே போகின்றன. தென்கிழக்கில் 200 உள்ளே, 500 வெளியே. தென்மேற்கில் 600 உள்ளே, 350 வெளியே. வடமேற்கில் 300 உள்ளே, 450 வெளியே. வடகிழக்கு மூலைக்கு வடக்கு வீதி வண்டிகளும் வந்து சேர்கின்றன, கிழக்கு வீதி வழியாகவும் வண்டிகள் கிளம்புகின்றன. ஆகவே x4 + 450 = x1 + 250. மற்ற மூன்று மூலைகளுக்கும் இப்படியே எழுதிச் சுருக்கினால்:

```
வடகிழக்கு :  x1 - x4 = 200
தென்கிழக்கு:  x1 - x2 = 300
தென்மேற்கு :  x3 - x2 = 250
வடமேற்கு  :  x3 - x4 = 150
```

2. நாலு சமன்பாடு இருக்கு, நாலு மாறி இருக்கு. அப்புறம் ஏன் ஒரே விடை வரமாட்டேங்குது?

நான்கு வரி இருக்கிறதே தவிர, நான்கு செய்தி இல்லை. முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்துப் பாருங்கள். இடப்பக்கம் எல்லா மாறிகளும் அடிபட்டுப் போகும். வலப்பக்கம் 200 − 300 + 250 − 150, அதுவும் பூச்சியம். காஸ் நீக்கலில் கடைசி நிரை முழுவதும் பூச்சியமாவது இதனால்தான். அணித்தரம் 3, மாறிகள் 4, எனவே ஒரு கட்டற்ற மாறி.

இது இந்த எண்களில் நேர்ந்த தற்செயல் அல்ல. மூன்று மூலைகளில் வரவும் செலவும் சரியாக இருந்து, ஊர் முழுவதற்கும் சேர்த்து வரவும் செலவும் சரியாக இருந்தால் (இங்கே இரண்டும் 1550), நான்காவது மூலை தானாகச் சரியாகிவிடும். அந்த மூலையின் சமன்பாடு புதிதாக எதுவும் சொல்வதில்லை. ஒரே இணைப்பாக இருக்கும் எந்தச் சாலை வலையமைப்பிலும் ஒரு சமன்பாடு இப்படி உபரியாகத்தான் நிற்கும்.

x4 = t என்று வைத்தால் விடை:

```
x1 = t + 200
x2 = t - 100
x3 = t + 150
x4 = t
```

3. t-ன்னு எழுதிட்டோம் சரி. நிஜ ரோட்டில் அந்த t எங்கே இருக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் பிடிபட்டால் பாக்கி எல்லாம் சுலபம்.

வெளிச் சாலைகளில் எண்ணும் ஆட்களுக்குத் தெரியாமல் 50 ஆட்டோக்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன என்று வையுங்கள். சவாரி தேடி மணிக்கு ஒரு சுற்று வீதம் கோயிலைச் சுற்றுகின்றன. நான்கு வீதிகளிலும் எண்ணிக்கை 50 கூடும். ஆனால் எந்த மூலையை எடுத்தாலும், கூடுதலாக 50 நுழைகின்றன, கூடுதலாக 50 வெளியேறுகின்றன. நான்கு சமன்பாடுகளும் அசையவே இல்லை. வெளிச் சாலையில் நிற்பவருக்கு இந்த ஆட்டோக்கள் இருப்பதற்கான தடயமே கிடைக்காது.

மேலே உள்ள விடையைக் கவனியுங்கள். t ஒன்று கூடினால் நான்கு மாறிகளும் ஒவ்வொன்று கூடுகின்றன. அதாவது t-இன் திசையே (1, 1, 1, 1) என்ற ஒரு முழுப் பிரதட்சிணம். கட்டற்ற மாறி என்றால் ஏதோ ஒரு வீதியின் எண்ணிக்கை தொலைந்துவிட்டது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாதது ஒரு வீதியின் எண்ணிக்கை அல்ல, ஒரு சுற்றின் அளவு. ஏதாவது ஒரு வீதியில் அதைப் பிடித்துவிட்டால் மற்ற மூன்றும் கையோடு வந்துவிடும்.

4. புத்தகத்தில் x4-ஐ எடுத்திருக்காங்க, நான் x2-ஐ கட்டற்ற மாறியா எடுத்தேன். என் விடை தப்பா?

தப்பில்லை. x4-ஐ எடுப்பது நீக்கல் முறையில் கடைசி நிரல் மிஞ்சுவதால் வந்த பழக்கம், அவ்வளவுதான். சுற்றை எந்த வீதியில் நின்று அளந்தாலும் அதே சுற்றுதான்.

சொல்லப்போனால் உங்கள் தேர்வு இன்னும் நல்லது. x2 = s என்றால் x1 = s + 300, x3 = s + 250, x4 = s + 100. எங்கும் கழித்தல் குறி இல்லை. நான்கில் எது மிகக் குறைவோ அதைக் கட்டற்ற மாறியாக எடுத்தால், s பூச்சியமோ அதற்கு மேலோ இருந்தால் போதும் என்பது பார்த்தவுடன் தெரியும். விடைத்தாளில் இரண்டில் எதை எழுதினாலும் சரி. t = s + 100 என்று போட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

5. கட்டற்ற மாறின்னா எந்த எண் வேணும்னாலும் போடலாமா?

அணிக்குப் போடலாம், வீதிக்குப் போட முடியாது. ஒருவழிப் பாதையில் வண்டி எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது. x2 = t − 100 பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால் t குறைந்தது 100. ஆக, யாரும் எண்ணாமலேயே நமக்குச் சில விஷயங்கள் தெரிந்துவிட்டன: கிழக்கு வீதியில் மணிக்கு 300-க்குக் குறையாது, மேற்கில் 250-க்குக் குறையாது, வடக்கில் 100-க்குக் குறையாது.

மேல் எல்லை வீதியின் கொள்ளளவிலிருந்து வருகிறது. கிழக்கு வீதி மணிக்கு 700 வண்டி தாங்கும், மற்ற மூன்றும் 600 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு t ≤ 500 என்கிறது, தெற்கு t ≤ 700, மேற்கு t ≤ 450, வடக்கு t ≤ 600. நான்கும் சேர்ந்து நிற்க வேண்டுமானால் t 100-லிருந்து 450 வரை. முதலில் திணறப்போவது மேற்கு வீதி என்பதும் இதிலேயே தெரிகிறது. அதிகமான வண்டிகள் ஓடும் வீதி கிழக்கு என்றாலும், முதலில் அடைபடுவது மேற்கு. இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

6. வடக்கு வீதியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டப் போறாங்க. அதை மூடினா என்ன ஆகும்?

t = 0 என்று போடுங்கள். x2 = −100 வருகிறது. தெற்கு வீதியில் மணிக்கு 100 வண்டிகள் எதிர்த்திசையில் வந்தால்தான் கணக்கு நிற்கும் என்று பொருள். ஒருவழிப் பாதையில் அது நடக்காது. எனவே வெளிச் சாலை எண்ணிக்கைகள் இப்படியே இருக்கும்வரை வடக்கு வீதியை மூட முடியாது.

ஏன் என்று சமன்பாட்டை விட்டுவிட்டு மூலையில் நின்று பாருங்கள். தென்கிழக்கு மூலையில் 500 வண்டிகள் வெளியே போகின்றன, 200 மட்டுமே அங்கேயே நுழைகின்றன. மீதி 300 கிழக்கு வீதி வழியாக வந்தாக வேண்டும். ஆனால் வடகிழக்கு மூலையில் நுழையும் 450-இல் 250 அங்கேயே வெளியேறினால் மிஞ்சுவது 200-தான். குறைகிற 100-ஐக் கொண்டுவந்தது வடக்கு வீதி.

சரி, தோண்டியே ஆக வேண்டும் என்றால்? தென்கிழக்கில் வெளியேறிய அந்த 100 வண்டிகளை வடமேற்கு மூலையிலேயே வெளியே திருப்பிவிட வேண்டும். தென்கிழக்கில் வெளியேறுவது 400, வடமேற்கில் 550 என்று மாறும். இப்போது வடக்கு 0, கிழக்கு 200, தெற்கு 0, மேற்கு 250. கணக்கு நிற்கிறது. ஆனால் தெற்கு வீதியும் காலியாக வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தெற்கு வீதியில் ஒரு வண்டி கூடுதலாக ஓடினாலும் சுற்று ஒன்று கூடும், அந்தச் சுற்று வடக்கு வீதி வழியாகத்தான் போக வேண்டும். மாற்றுப்பாதை அறிவிப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

7. பைத்தான்ல போட்டா பிழை வருது. வேற கட்டளை போட்டா விடை வருது. எதை நம்புறது?

```python
import numpy as np
A = np.array([[1,0,0,-1],[1,-1,0,0],
              [0,-1,1,0],[0,0,1,-1]])
b = np.array([200,300,250,150])
np.linalg.solve(A, b)
```

இது `LinAlgError: Singular matrix` என்று நின்றுவிடும். அது உங்கள் பிழை அல்ல. `solve` ஒரே விடை உள்ள தொகுப்புக்கு மட்டுமானது, இங்கே ஒரே விடை கிடையாது என்று 2-ஆம் பதிலிலேயே பார்த்தோம்.

`np.linalg.lstsq(A, b, rcond=None)` போட்டால் விடை வரும்: 137.5, −162.5, 87.5, −62.5. ஆபத்து இதில்தான் இருக்கிறது. எல்லையில்லாத விடைகளில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் ஒன்றை அது எடுத்துக் கொடுக்கிறது. நான்கு எண்களையும் கூட்டினால் பூச்சியம் வரும்படி t = −62.5 என்று அதுவே முடிவு செய்துவிட்டது. இரண்டு வீதிகளில் குறை எண் இருப்பதால் இந்த முறை கண்ணில் பட்டுவிடும். எல்லாமே மிகை எண்ணாக வந்த விடை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிம்பை நூலகத்தில் `Matrix.rref()` போட்டுக் கட்டற்ற நிரல் எது என்று முதலில் பாருங்கள். அப்புறம் t-இன் எல்லையை நீங்களே கண்டுபிடியுங்கள்.

8. நாங்க நிஜமாவே நின்னு எண்ணிப் பார்த்தோம். கடைசி வரியில 0 = −12 வருது. முறையே தப்பா?

முறை சரி. எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நம் உதாரணத்தில் தென்மேற்கில் வெளியேறியது 350-க்குப் பதில் 338 என்று எண்ணியிருந்தால் மூன்றாவது வரி 262 ஆகும், நீக்கலின் கடைசி நிரை 0 = −12 என்று நிற்கும். மொத்தம் நுழைந்தவை 1550, வெளியேறியவை 1538. கடைசி நிரை சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். பாடப்புத்தகத்தில் ‘ஒருங்கமைவு இல்லாத தொகுப்பு’ என்று ஒரு வரியில் கடந்துபோவது, களத்தில் உங்கள் முதல் சோதனை. நீக்கலுக்கு முன்பே மொத்த வரவையும் மொத்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

காரணங்கள் சாதாரணமானவை. எண்ணியவர் இரண்டு பைக்குகள் சேர்ந்து போனபோது ஒன்றை விட்டிருப்பார். அல்லது 12 வண்டிகள் வீதியிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். அல்லது மணி முடியும்போது அவை இன்னும் வீதிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். 5 நிமிடம் மட்டும் எண்ணினால் கடைசிக் காரணம் கணக்கையே கெடுத்துவிடும், ஒரு மணி நேரம் எண்ணினால் அதன் பங்கு சிறியதாகிவிடும். மீச்சிறு வர்க்க முறை இந்த 12-ஐ நான்கு மூலைகளுக்கும் மூன்று மூன்றாகப் பங்கிட்டுவிடும். ஆனால் எந்த மூலையில் தவறு நடந்தது என்று அதற்குத் தெரியாது. வாய்ப்பிருந்தால் திரும்ப எண்ணுவதே நல்லது என்பது என் கருத்து.

9. பெரிய ஊர்னா எத்தனை கட்டற்ற மாறி வரும்? நீக்கல் செய்யாம சொல்ல முடியுமா?

முடியும். வீதிகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திப்புகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் 4 − 4 + 1 = 1. கிர்க்காஃப் 1847-இல் மின்சுற்றுகளுக்காக இதே எண்ணிக்கையைத்தான் கண்டார். மின்னோட்டமும் வண்டியும் சந்திப்பில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

வரைபடம் கையில் இருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு: வீதிகளால் முழுவதும் சூழப்பட்ட மனைகளை எண்ணுங்கள். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வளையத்துக்குள் வளையமாகத் தெருக்கள் இருக்கின்றன. அதுபோல இரண்டு வளையங்களை மட்டும் வரைந்து, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு இணைப்புத் தெரு போடுங்கள். வீதிகள் 12, சந்திப்புகள் 8, எனவே 5 கட்டற்ற மாறிகள். படத்தில் பாருங்கள்: நடுவில் கோயில் ஒன்று, வளையங்களுக்கு இடையில் மனைகள் நான்கு.

மேம்பாலம் வந்தால் மனை எண்ணும் வழி உதவாது. பாலம் கீழே உள்ள தெருவைப் படத்தில் வெட்டுகிறது, ஆனால் அங்கே சந்திப்பு இல்லை. அப்போது கழித்துக் கூட்டும் வழிதான் சரி.

10. ரெண்டு கட்டற்ற மாறி இருந்தா ஏதாவது ரெண்டு தெருவில் எண்ணினா போதும்தானே?

‘ஏதாவது’ இரண்டு போதாது. நம் ஊருக்குத் தெற்கே ஒரு மனையைச் சேர்ப்போம். தென்கிழக்கு மூலையிலிருந்து கிழக்குச் சந்து தெற்கே இறங்குகிறது, கடைத்தெரு மேற்கே போகிறது, மேற்குச் சந்து தென்மேற்கு மூலைக்கு ஏறுகிறது. இப்போது 7 வீதிகள், 6 சந்திப்புகள், 2 கட்டற்ற மாறிகள்.

கிழக்குச் சந்திலும் கடைத்தெருவிலும் எண்ணினால் வேலை வீண். இரண்டும் சந்திக்கும் மூலையில் வேறு உள்வீதி கிடையாது. ஆகவே ஒன்று தெரிந்தால் அந்த மூலையின் சமன்பாடே மற்றதைச் சொல்லிவிடும். கோயிலைச் சுற்றும் வண்டிகள் இரண்டிலும் அகப்படவே மாட்டா. தெற்கு வீதியிலும் கடைத்தெருவிலும் எண்ணினால் ஏழும் கிடைத்துவிடும்.

சோதிக்கும் வழி இது. எண்ணப்போகும் தெருக்களைப் படத்தில் அழியுங்கள். மீதியில் எங்காவது ஒரு சுற்று மூடி நின்றால், அதில் 3-ஆம் பதிலின் ஆட்டோக்கள் ஒளிந்துகொள்ளும். சுற்றே இல்லாமல் எல்லாச் சந்திப்புகளும் மரக்கிளைபோல இணைந்திருந்தால் உங்கள் தேர்வு சரி.

11. இருவழிச் சாலை வந்தா எப்படி எழுதுறது?

போகும் திசைக்கு ஒரு மாறி, வரும் திசைக்கு ஒரு மாறி. ஒவ்வொரு இருவழிச் சாலையும் தனக்கென்று ஒரு சுற்றைச் சேர்க்கும், போய்த் திரும்பும் சுற்று. ஒரே மாறியாக வைத்தால் கிடைப்பது இரண்டு திசைகளின் வித்தியாசம்தான். அங்கே குறை எண் வந்தால் தவறில்லை, ஆனால் நெரிசலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

12. வண்டியா எண்ணாம பி.சி.யு. கணக்கில் எழுதலாமா?

எச்சரிக்கையாக இருங்கள். லாரியையும் பைக்கையும் கார் அளவுக்கு மாற்றி எழுதும் இந்த அலகு, கொள்ளளவோடு ஒப்பிடத் தேவைதான். ஆனால் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு நகர்ப்புற வழிகாட்டியில் (ஐ.ஆர்.சி. 106) இருசக்கர வாகனத்தின் எடை நிலையான எண் அல்ல. மொத்தப் போக்குவரத்தில் அவை 5 சதவீதம் இருந்தால் 0.5, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0.75.

ஒரே பைக் ஒரு வீதியில் 0.5 ஆகவும் திரும்பியதும் 0.75 ஆகவும் எண்ணப்பட்டால், மூலையில் 0.25 கார் முளைத்துவிடும். 1-ஆம் பதிலின் விதி உடைந்துபோகும். வண்டிகளாகவே எண்ணிச் சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு, கொள்ளளவைப் பார்க்கும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னும் கச்சிதமாக வேண்டுமானால் பைக், கார், பேருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுப்பு எழுதலாம். அணி ஒன்றேதான், வலப்பக்கம் மட்டும் மாறும்.

13. ஒவ்வொரு வண்டியும் எங்கே நுழைஞ்சு எங்கே வெளியேறுதுன்னு தெரிஞ்சா t கிடைச்சிடுமா?

நான்கு மாட வீதி மட்டும் என்றால் கிடைத்துவிடும், உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஆட்டோக்களைத் தவிர. ஒருவழிச் சுற்றில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே பாதைதான். வடக்கு வீதி வழியாகப் போகிறவர்கள் யார்? வடமேற்கில் நுழைந்து வேறு மூலையில் வெளியேறுபவர்கள், தென்மேற்கில் நுழைந்து வடகிழக்கிலோ தென்கிழக்கிலோ வெளியேறுபவர்கள், தென்கிழக்கில் நுழைந்து வடகிழக்கில் வெளியேறுபவர்கள். இவற்றோடு, முழுச் சுற்று வந்து நுழைந்த மூலையிலேயே வெளியேறுபவர்கள். மூலைகளில் வண்டி எண்களைக் குறித்துவைத்து ஒப்பிட்டால் இவர்களை எண்ணிவிடலாம், அதுதான் t.

10-ஆம் பதிலின் கடைத்தெரு வந்துவிட்டால் இது போதாது. தென்கிழக்கிலிருந்து தென்மேற்குக்கு இப்போது இரண்டு வழிகள்: நேராகத் தெற்கு வீதி, சுற்றிக்கொண்டு கடைத்தெரு. எத்தனை பேர் எதில் போவார்கள் என்பதை ஓட்டுநர்கள் முடிவு செய்கிறார்கள். வழியை மாற்றினால் நேரம் மிச்சமாகும் என்ற நிலை யாருக்கும் இல்லாதபோது அந்தப் பங்கீடு நிலைகொள்கிறது என்று போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் 1952-இல் எழுதினார். ஆனால் வண்டி கூடக்கூட நேரம் கூடும் விதம் நேர்கோடு அல்ல. நெரிசலை நெருங்கும்போது சட்டென்று ஏறும். அதனால் நேரியல் தொகுப்பு இங்கே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எந்த இரண்டு எண்கள் தெரிய வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. அந்த எண்களைத் தெருவில் எண்ணியோ, பயண நேரத்தைக் கொண்டு வேறு முறையில் கணித்தோதான் பெற வேண்டும்.